ஸ்கேனில் ஒன்றுமில்லை

பிம்ப்ரி மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தலைவலி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் எனக்குத் தலைவலியே வந்ததில்லை என்று சொல்லலாம். வந்தாலும் ஒரு காபியில் போய்விடும். இது போகவில்லை. அன்று இரவும் இருந்தது, மறுநாள் கராடியில் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தபோதும் இருந்தது. தலையைச் சுற்றித் துணியை இறுகக் கட்டியது மாதிரி, கூடிக் குறைந்து, ஆனால் விடாமல்.

ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தோம். தினம் வலி மாத்திரை போட்டேன். கண்ணாடியை மாற்றினேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மூக்கு டாக்டர் ஒருவர் சைனஸ் என்றார், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். ஆபரேஷனுக்குத் தேதி கேட்கக் கிளம்பிய என் கணவரிடம் அவருடைய சக ஊழியர் ஒருவர், அதற்கு முன் நரம்பு டாக்டரைப் பாருங்கள், தலைவலி மட்டுமே பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அங்கே போனோம்.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மராத்தி கேட்ட அந்த இடத்தில் நான் கணவரிடம் தமிழில் பேசுவதைக் கேட்டு முந்தானையை விலக்கினார்.

"நீங்களும் நம்மூருங்களா? நாங்க கோயமுத்தூருங்க. எங்க வீட்டுக்காரரு போசரியில லேத் பட்டறை வெச்சிருக்காரு."

அக்காவுக்குப் பதினெட்டு வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் என்று எல்லா டாக்டர்களும் எழுதியிருந்தார்கள். மாத்திரை போட்டு இருட்டறையில் படுத்தால் அடுத்த நாள் எழுந்துவிடுவார். "ஆனா இப்ப கொஞ்ச மாசமா வர்றது வேற மாதிரி இருக்குதுங்க. காலைல எந்திரிக்கறப்பவே வலி. இருமுனா மண்டை வெடிக்குது. வாந்தி வேற. சொன்னா, உங்களுக்குத்தான் மைக்ரேன் இருக்குதேன்னு அதே மாத்திரையைத் தர்றாங்க."

அவரை முதலில் கூப்பிட்டார்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது நர்ஸ் ஒருத்தி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நேராக லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் அவர் கணவர் பைகளோடு ஓடினார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் என் வயதுக்காரப் பெண். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நினைவில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். வலியை விட மற்றதைத்தான் அதிகம் கேட்டார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, படுத்தால் கூடுகிறதா, நின்றால் கூடுகிறதா, இருமினால் கூடுகிறதா, குனிந்தால் கண் இருட்டுகிறதா, தலையில் அடிபட்டதா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா. பிறகு, எந்த நாள் ஆரம்பித்தது என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

விளக்கை அணைத்து, சின்ன டார்ச் வைத்த ஒரு கருவியை என் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்தார். கண்ணின் பின்பக்கத்து நரம்பு வீங்கியிருந்தால் மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு வீக்கம் இல்லை.

"தலைவலியை நாங்க முதல்ல ரெண்டாப் பிரிப்போம்," என்றார். "பிரைமரின்னா வலியேதான் வியாதி. மைக்ரேன் மாதிரி. செகண்டரின்னா உள்ளே வேற ஏதோ வியாதி இருக்கு, வலி அதோட அடையாளம். ரத்தக்கட்டு, கட்டி, கிருமி, அழுத்தம், எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அதைத் தவறவிட்டா உயிரோ கண்ணோ போகலாம். அதனால முதல்ல அதைத்தான் தேடணும். அது இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் மத்தது."

ஒரே நாளில் ஆரம்பித்து நிற்காத வலி என்பதால் கண் நன்றாக இருந்தும் விடக்கூடாது என்றார். எம்.ஆர்.ஐ., மூளையின் ரத்தக்குழாய்களுக்குத் தனியாக ஒரு ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தை அளக்கிற சோதனை. எல்லாம் எழுதினார்.

அந்த வாரம் முழுக்க என் கணவர் பிள்ளையார் முன் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் இருக்கக்கூடாது என்று. நானும் பக்கத்தில் நின்றேன். ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்டி எடுக்கக்கூடியதாக, மருந்தில் கரையக்கூடியதாக, பெயர் சொல்லி முடிக்கக்கூடியதாக.

எல்லாம் நார்மல்.

"ஒண்ணுமில்லடி! ஒண்ணுமே இல்லையாம்!" கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே போனில் அவர் தங்கைக்குச் சொன்னார். வழியில் இனிப்புக் கடையில் வண்டியை நிறுத்திப் பேடா வாங்கினார். ஒன்றை என் வாயருகே கொண்டுவந்தபோது நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் மறைக்கவில்லை. "இது பிரைமரி. ஒரு நாள் ஆரம்பிச்சு நிக்காம இருக்கிற வகை. மூக்கு ஆபரேஷன் வேண்டாம், அந்த வளைவு பாதிப் பேருக்கு இருக்கும். தினம் போடற வலி மாத்திரையையும் விடுங்க. அதுவே தனியா ஒரு செகண்டரி தலைவலியைக் கொண்டுவரும். மருந்து சிலது முயற்சி பண்ணலாம். ஆனா இந்த வகை மருந்துக்குச் சுலபமா மசியாது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அக்காவை, நர்ஸிடம் விசாரித்து, அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் போய்ப் பார்த்தேன். அன்று டாக்டர் பார்த்தபோது அக்காவின் இரண்டு கண் நரம்புகளும் வீங்கியிருந்தனவாம். ஸ்கேனில் பெரிய கட்டி. உடனே ஆபரேஷன் செய்திருந்தார்கள். மொட்டைத் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வலி இல்லீங்க கண்ணு. சுத்தமா இல்ல. தலை இருக்கறதே தெரியல."

டம்ளரைத் தானே பிடித்துத் தண்ணீர் குடித்தார். அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கட்டி கெட்ட வகை என்று பரிசோதனையில் தெரிந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். திரும்ப வளர்ந்தது. கடைசியாக நான் போனபோது பேச்சு வரவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். மழைக்காலம் முடியும்போது போய்விட்டார்.

தகனத்துக்குப் பிறகு அவர் கணவர் எங்களோடு வெளியே நின்றிருந்தார். உள்ளங்கையில் இரும்புத்தூள் கறை இன்னும் இருந்தது. "முன்னயே புடிச்சிருந்தா என்னன்னு அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டேனுங்க. இன்னும் கொஞ்ச நாள் கெடைச்சிருக்கலாமுங்க, உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. மைக்ரேன் இருக்கறவங்களுக்கு வேற தலைவலி வராதுன்னு இல்லியாமுங்க. வலி மாறுச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து பாக்கோணுமாம். இவ மாறுச்சுன்னு சொல்லிக்கிட்டேதானுங்க இருந்தா." என் கணவர் அவர் தோளில் கை வைத்தார்.

எனக்கு ஒரு மருந்தில் விரல்கள் மரத்தன. இன்னொன்றில் நாள் முழுக்கத் தூக்கம், மீட்டிங்கில் சொல்ல வந்த வார்த்தை மறந்தது. கழுத்தின் பின்பக்கத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கொஞ்சம் லேசாக இருந்த மாதிரி தோன்றியது, அதுவும் நிச்சயமில்லை. இப்போது பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கணவர் முன்பெல்லாம் கதவைத் திறந்ததும் "எப்படியிருக்கு?" என்பார். இப்போது கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார், அவ்வளவுதான்.

டாக்டரிடம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவளிடம் கேட்பது போல அதே கேள்விகளைக் கேட்கிறார். காய்ச்சல், எடை, கண், இருமினால், படுத்தால். விளக்கை அணைத்துக் கண்ணைப் பார்க்கிறார்.

"வலி ஏதாவது மாறியிருக்கா?"

"இல்லை மேடம். அப்படியேதான் இருக்கு."

"நல்லது," என்று எழுதிக்கொள்கிறார். அவர் சொல்வது சரிதான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வெயிலுக்குத் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்கிறேன்.