சவரி வரைந்தது வலது கை

சவரி போய்விட்டான். இன்று காலை, கதிர்காமம் ஆஸ்பத்திரியில்...

ஓவியர் சவரிநாதன். உப்பளத்தில் என் பால் பூத்துக்கு எதிர்ச் சந்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள். "மாமா, கோவத்த கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்கிறாள். குறைக்க மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பால் கம்பெனி பொங்கல் கார்டு ஞாபகம் இருக்கிறதா? இடது கையால் பானையில் அரிசி போடும் பொம்பளை, வலது தோளில் முந்தானை. சவரி வரைந்தது என்று தெரிந்ததும் எப்படிச் சிரித்தீர்கள்!

"வேதக்காரனுக்குப் பொங்கல பத்தி என்னய்யா தெரியும்" என்று என் பூத்திலேயே நின்று பால் வாங்கிக்கொண்டு சொன்னவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அவன் வீட்டுப் பொங்கல் ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்கு வரும். சாப்பிட்ட வாயால் சொல்கிறேன்... அந்தக் கார்டில் இருந்தது சவரியின் தப்பு இல்லை.

படத்தில் இருப்பது என் வீட்டுக்காரி. பூத்துக்குப் பின்னால் பானையை வைத்து உட்கார வைத்தான். "அண்ணி, சிரிக்காதீங்க. அரிசியப் பாருங்க."

"காலு மரத்துப் போச்சுடா தம்பி. பால் பொங்குதோ இல்லையோ, எனக்குப் பொங்கிடும்!"

தடித்த அட்டை, போஸ்டர் கலர். முதலில் அட்டை முழுக்க மஞ்சளைத் தண்ணியாக ஓடவிட்டான். அது காய்ந்ததும் ஆரஞ்சு, செங்காவி. நீலம் பக்கமே போகவில்லை. நுரைக்கு மட்டும் வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தான். "வெறும் வெள்ள வெச்சா ஆறிப்போன பால் மாதிரி தெரியும் அண்ணே" என்றான். ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக வரைந்தான். அச்சடித்து வெட்டும்போது அது போய்விடுமாம்.

கம்பெனி ஒரு கண்டிஷன் போட்டிருந்தது. படத்தில் ஒரு எழுத்து கூடாது. பாக்கெட், போர்டு, அரிசி மூட்டை மேல் பேர், எதுவும் கூடாது. ஒரே படம் ஆந்திராவுக்கும் போகும், இங்கேயும் வரும். வாழ்த்தையும் கம்பெனி முத்திரையையும் அந்தந்த ஊர் பாஷையில் அவர்களே பிறகு சேர்ப்பார்கள். அதற்காக வலது மேல் மூலையில் வெறும் வானத்தை விட்டான். கீழே கையெழுத்துகூடப் போடவில்லை.

கார்டுக் கட்டு பூத்துக்கு வந்ததும் முதலில் பார்த்தவள் என் வீட்டுக்காரி. "ஏங்க... இந்தக் கையால நான் என்னிக்குங்க அரிசி போட்டேன்?"

எடுத்துக்கொண்டு ஓடினேன். சவரி வாசலில் நின்ற வண்டியின் கண்ணாடிக்கு நேராகக் கார்டைப் பிடித்தான். கண்ணாடிக்குள் அவள் சரியாக இருந்தாள். வலது கை. இடது தோளில் முந்தானை.

ஆபீசுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். "லோகோ லெஃப்ட்ல வரணும்னாங்க சார், அதான் ஃபிளிப் பண்ணிட்டோம். எழுத்து எதுவும் இல்லியே, யாருக்குத் தெரியப் போவுது?"

எழுத்து இருந்திருந்தால் திரும்பி நின்று அவர்கள் கண்ணைக் குத்தியிருக்கும். இல்லை என்பதால் திருப்பிவிட்டார்கள். படித்தவர்கள் அத்தனை பேர் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கை தெரியாதா?

ஊரெல்லாம் திட்டியதும் ஏஜென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கம்பெனி போட்டது என்ன தெரியுமா? "ஓவியரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்." மருமகள்தான் படித்துச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னேன். அதே வார்த்தை.

அதோடு அவன் போனை எடுப்பதையும், அவனுக்கு வேலை கொடுப்பதையும் நிறுத்தினார்கள். மற்ற கம்பெனியும் கூப்பிடவில்லை. என் பூத்துக்கு வருவதையும் விட்டான், அங்கே நாலு பேர் நிற்பார்கள் என்று.

இன்று மதியம் அந்தக் கம்பெனி ஏரியா ஆபீசர் எனக்குப் போன். "பெரியவரே, கம்பெனி சார்பா பெரிய மாலையா அனுப்புறோம்."

"மாலை வேணாம் சார். அதே குரூப்ல 'தப்பு எங்களுது'ன்னு ஒரு வரி போடுங்க."

"சாவு வூட்ல இதெல்லாம் எதுக்கு..."

"வேற எங்க பேசுறது? உசுரோட இருந்தப்ப நீங்க போனே எடுக்கலியே!"

வைத்துவிட்டான்.

அதனால் நானே போடுகிறேன். சவரி வீட்டம்மா பீரோவில் இருந்து அவன் வரைந்த அசல் அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோ கீழே இருக்கிறது. சிரித்தவர்கள் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடக்கம் நாளை மாலை நாலு மணி, உப்பளம் கல்லறை. நானும் வீட்டுக்காரியும் இந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடப்போம். தடுக்கிறவன் வரட்டும்.

போய் வாடா சவரி...