பெரிய ஓ போட்ட வரி

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் தோழியும் திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில் கணக்கு ஆசிரியைகள். செங்கம் சாலையில் ஒரு மாடிப் போர்ஷனில் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். அவள் தன் எம்.ஃபில். ஆய்வேட்டை ஒரு திங்கட்கிழமை மெட்ராசில் கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுத்தால் வேலை நிலைக்கும். தவறினால் கீழ்பென்னாத்தூர் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

டைப் அடிப்பவர் சூத்திரம் வருகிற இடங்களை வெறுமையாக விட்டுவிடுவார். எல்லாப் பிரதிகளிலும் நாம்தான் மையால் எழுதி நிரப்ப வேண்டும். முந்தின நாள், ஞாயிறு மதியம், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

கடைசித் தேற்றத்தில், "பூஜ்யத்துக்குப் பக்கத்துல எஃப், எக்ஸோட பெரிய ஓ" என்றாள். ஆங்கில O எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுதினேன். "அதனால எஃப்-ஐ எக்ஸால வகுத்தா பூஜ்யத்துக்குப் போவுது" என்றாள். பேனாவை வைத்துவிட்டேன்.

"பெரிய ஓ-ன்னா வகுத்து வர்றது ஒரு கட்டுக்குள்ள நிக்கும், அவ்ளோதான். பூஜ்யத்துக்குப் போவணும்னா சின்ன ஓ வேணும்டி."

"சின்ன ஓ-ன்னே எழுதிடு. யாரு பார்க்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எழுத மாட்டேன். எக்ஸ் பெருக்கல் சைன் ஆஃப் ஒன் பை எக்ஸ். அதுவும் பெரிய ஓ தான். எக்ஸால வகுத்துப் பாரு. ஒண்ணுக்கும் மைனஸ் ஒண்ணுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும், எங்கயும் போய்ச் சேராது."

"அது என் ஃபங்ஷன் இல்லயே!"

"உன் ஃபங்ஷன் அப்படி ஆடாதுன்னு எங்க காட்டின?"

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த வரியை எழுத மனம் வரவில்லை. என்னதான் நிரூபித்திருக்கிறாள் என்று முதலிலிருந்து புரட்டினேன். இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது: எஃப் என்பது எக்ஸின் ஒன்றரை அடுக்கின் பெரிய ஓ. அதை எக்ஸால் வகுத்தால் அரை அடுக்கு மிஞ்சும். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது அதுவும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்படியானால் சின்ன ஓ தானாக வந்துவிடுகிறது. பின்னால் எழுதும்போது இவள் ஒன்றரையை ஒன்றாகத் தளர்த்திவிட்டிருந்தாள். அது பொய்யில்லை, ஆனால் தேவைக்குப் பற்றாது.

"கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு நெய்க்கு அலையறியே! இங்க பாரு."

வந்து பார்த்தாள். வரிவரியாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, "அதான் சரியாயிடுச்சே" என்றேன்.

"அந்த வரி இடிக்குதுன்னு எனக்குத் தெரியும்டி. ஒரு மாசமா அந்த வரி வந்தாலே பார்க்காம பக்கத்தத் திருப்பிடுவேன். பார்த்தா எல்லாம் போயிடும்னு பயம். ஒரு தடவ பார்த்திருந்தா போதுமே."