ஆவணி என்று சொன்ன தேதி

கல்யாணமான முதல் ஆடியில் வழக்கப்படி என்னைத் திருத்தணியில் இருந்த அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆடியில் கரு தங்கினால் பிள்ளை சித்திரையில் பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பயம். பள்ளிப்பட்டில் தறியோடு இருந்த என் புருஷன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறினார். மறுநாள் எங்கள் வீட்டில் தங்கினார். ஊரே திருவிழாக் கூட்டத்தில் இருந்தது. எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்கழியில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடைசியாக எப்போது தூரமானேன் என்று நர்ஸம்மா கேட்டார். உண்மையில் ஆனிக் கடைசியில். ஆனால் பக்கத்தில் அம்மா நின்றாள்.

"ஆவணி மொத வாரங்க."

நர்ஸம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஒரு மாசம் பெரிசா கீதே. தேதி சரிதானா?"

"ஆங், சரிதாங்க."

பிரசவம் வைகாசியில் என்று அட்டையில் எழுதிக்கொண்டார். மானம் தப்பியது என்று எனக்குக் கர்வம் வேறு.

சித்திரை பிறந்தது. வலி வரவில்லை. நிஜக் கணக்கில் நாள் கடந்து மூன்று வாரமானது. முன்பு விலாவில் உதைத்த பிள்ளை இப்போது எப்போதாவதுதான் அசைந்தது. நர்ஸம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்து எண்ணினார்.

"துடிப்பு நல்லாத்தான் கீது. அட்டைப்படி இன்னும் ரெண்டு வாரம் இருக்குது. அசைவு கொறையுதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். குறைகிறது என்றால் தேதியைக் கிளறுவார்களோ என்று, "இல்லீங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என் நாக்கை இன்றும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் அசைவே இல்லை. நர்ஸம்மா குழலை வயிறெங்கும் நகர்த்தினார். பிறகு டாக்டரம்மா வந்து குழலில் காது வைத்தார். துடிப்பே இல்லை. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. "நாள் கடந்தா நஞ்சுக்கொடி தளர்ந்துடும்மா. தண்ணி கொறையும், பிள்ளைக்கு ரத்தம் பத்தாது. சரியான தேதி தெரிஞ்சிருந்தா அடிக்கடி வரச்சொல்லி துடிப்பு பார்த்திருப்போம். அசைவை எண்ணச் சொல்லியிருப்போம். ரெண்டு வாரம் தாண்ட விடாம நாங்களே வலி வரவெச்சிருப்போம்."

பிள்ளையைக் காப்பாற்ற ஏற்றியிருக்க வேண்டிய, வலி வரவைக்கும் மருந்தை, இறந்த பிள்ளையை வெளியே எடுக்கக் கையில் ஏற்றினார்கள். பனிக்குடம் உடைந்தது. கொஞ்சம் தண்ணீர்தான், பச்சையாக, கெட்டியாக வந்தது. மாலையில் பிறந்தான். தோல் உரிந்திருந்தது. நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தன.

நான் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதாள்.

"எனக்குத் தெரியும்டி. ஆடியிலேர்ந்து நானும் நாளை எண்ணிக்கினுதான் இருந்தேன். உன் மானம் போவக்கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."