ஏழு இடத்திலும் ஒரே சொல்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த பெண்ணை எல்லாரும் 'அகராதி' என்றே கூப்பிட்டார்கள். அன்று அவள் மேசைக்கு வந்தது ஒரு தொழிற்சாலையின் ஆங்கில அறிவிப்பு. அவளுடைய அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலை. அதில் ஒரே ஆங்கிலச் சொல் ஏழு பிரிவுகளுக்கும் வந்திருந்தது. ஆறு இடத்தில் 'பணிநீக்கம்' என்று எழுதினாள். ஏழாவது இடத்தில் அப்பாவின் பெயிண்ட் பிரிவு வந்தது. அங்கே மட்டும் 'தற்காலிக ஓய்வு' என்று போட்டாள். கருணை என்று நினைத்தாள். அது பொய்.

சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார். "ஏம்மா அகராதி, கலைச்சொல் பட்டியல்ல ஒரே சொல்தானே இருக்கு? திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நம்பி ஒருத்தன் வேற வேலை தேடாம உக்காந்துட்டா?"

அவள் திருத்தினாள்.

மறுநாள் மாலை அப்பா அந்தத் தமிழ் அறிவிப்புத் தாளோடு வீட்டுக்கு வந்தார். "எப்பவும் இவனுங்க நோட்டீஸ் தலையும் புரியாது, வாலும் புரியாது. இது ஒரே வாசிப்புல புரிஞ்சிருச்சு, கண்ணு. எவன் எழுதினானோ."

"நான்தாம்ப்பா."

அப்பா தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.