ஏழாவது காலாண்டு

என் தம்பி விமான நிலையத்திலிருந்து நேராகக் கரமனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் பெட்டி இல்லை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு ஃபைல், ஒரு ஃப்ளாப்பி, அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடைக்கு அரிசி ஊறப்போட ஓடினாள். என் கண் அந்த ஃபைலின் மேல் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி அது. அவன் ஒரு சிறு தீவு நாட்டின் மத்திய வங்கியில் ஒப்பந்த வேலையில் இருந்தான். நான் இங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைக்கு ஒரு கம்ப்யூட்டரும், தாளைக் கிழிப்பதுபோல் சத்தமிடும் ஒரு பிரிண்டரும் வந்திருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அந்த நாட்டுப் பணத்துக்கு டாலரில் நிலையான விலை. யார் எப்போது கொண்டுபோய் நீட்டினாலும் மத்திய வங்கி அதே விலைக்கு டாலர் எடுத்துக் கொடுக்கும். அந்த டாலரை வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை கிடையாது. இவை இரண்டும் இருக்க, அந்த நாட்டு நிதி மந்திரிக்கு மூன்றாவதாக ஓர் ஆசை வந்தது. மீன்பிடிப் படகு வாங்குகிறவர்களுக்குக் கடன் மலிவாகக் கிடைக்க வேண்டும், வட்டியைக் குறைக்க வேண்டும். டாலர் கையிருப்பு தாங்குமா என்று கணக்குப் போடும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது. அவன் போனில் என்னைக் கேட்டான். முந்தைய வருஷத்துக் கதை இது.

மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனாலும், சின்ன நாடு, சின்னக் குறைப்பு, கொஞ்ச காலம் ஓடும் என்று நினைத்தேன். எட்டுக் காலாண்டுகளுக்குக் கணக்கை ஓட்டினேன். ஒரு தாளின் அகலத்துக்கு ஆறு காலாண்டுகள்தான் அடங்கின. மீதி இரண்டும் அடுத்த தாளில் வந்து விழுந்தன. ஆறாவதில் கையிருப்பு குறைந்திருந்தாலும் கௌரவமாகவே இருந்தது. ஃபாக்ஸ் பூத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டாவது தாளைப் பார்த்தேனா என்றால், இல்லை. அதன் பின்பக்கத்தில் மாணவிகளின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டேன். அதையும் ஏதோ சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன், சனியன்.

அந்தப் பக்கத்தை நம்பித் தம்பி தன் பெயரில் குறிப்பு எழுதினான். வட்டியைக் குறைத்தார்கள்.

"டாலர் நில்லாம போயிண்டிருக்கு அக்கா," என்றான், கூடத்தில் உட்கார்ந்து. "ஓட்டல் முதலாளிகள் சம்பாதிக்கற டாலரை உள்ளே கொண்டுவரதே இல்லை. வெளியே போட்டா வட்டி ஜாஸ்தியாக்கும். உள்ளே இருக்கறவாளும் பணத்தைக் கொண்டுவந்து டாலரா மாத்திண்டு போறா."

"டாலர் வித்தா உங்க ஊர்ப் பணம் உங்க பாங்குக்கே திரும்பி வருமே. ஊர்ல பணம் சுருங்கி வட்டி தானே ஏறணுமே?"

"ஏறப் பார்த்தது. ஏறப்படாதுன்னு மந்திரி பிடிவாதம். அதனால பாங்குகளுக்கு நாங்களே அந்தப் பணத்தைத் திருப்பிக் கடன் குடுத்தோம்."

"அதுவும் டாலரா வெளியே போயிருக்கும்."

அவன் ஃபைலைத் திறந்து கையிருப்பைக் காட்டினான். இரண்டு மாத இறக்குமதிக்குக்கூடக் காணாது. அந்த ஊரில் அரிசி, மாவு, மருந்து எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும்.

"வியாழக்கிழமை திரும்பிப் போணும். மூணும் இருக்கறாப்பல ஒரு வழி கேட்டிருக்கா. உன்னால முடியும் அக்கா. எப்படியாவது கண்டுபிடி."

இரண்டு நாள் கல்லூரியிலேயே கிடந்தோம். பணம் வெளியே போவதைத் தடுத்தால் என்ன என்றேன். ஓட்டலுக்கு முதல் போடுகிறவன் அப்புறம் எட்டிப்பார்க்க மாட்டான் என்றான். டாலர் விலையை விட்டுவிட்டால்? அரிசி விலை ஏறும், கூலிக்காரன் பட்டினி கிடப்பான் என்றான். அப்படியானால் வட்டியை டாலர் வட்டியோடு சேர்த்து ஏற்றியாக வேண்டும். டாலர் வட்டி ஏறினால் உங்கள் வட்டியும் ஏற வேண்டும், படகுக்காரன் அழுதாலும் சரி. வட்டி உங்கள் கையில் இல்லை, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். நான் எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். எங்கே அழுத்தினாலும் கையிருப்புதான் கரைந்தது. அழுகை வந்தது. வகுப்பில் இருபது நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிமுடிக்கிற விஷயம் இது.

புதன்கிழமை மத்தியானம் பழைய கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் தாள் வந்தது. இரண்டாவது தாளும் வந்தது. ஏழாவது காலாண்டில் கையிருப்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. இல்லாத டாலரை வங்கி விற்றுக்கொண்டிருந்தது. நிஜத்தில் ஏழுவரைகூடக் காத்திருக்கவில்லை. கையிருப்பு குறைவதைப் பார்த்தவர்கள் முந்திக்கொண்டு ஓடினார்கள். ஆனால் எச்சரிக்கை அந்தத் தாளில் இருந்தது. நான் அனுப்பவில்லை.

தாளை அவனிடம் நீட்டினேன். கழித்தல் குறியின்மேல் விரலை வைத்தான். கத்துவான் என்று காத்திருந்தேன்; கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சாரமில்லை அக்கா, போட்டும்," என்றான்.

புதிய குறிப்பை நான் எழுதினேன். வட்டியை உடனே ஏற்ற வேண்டும், டாலர் விலையையும் திறந்த வாசலையும் வைத்துக்கொண்டு வேறு வழி இல்லை என்று. முந்தைய குறிப்பில் இரண்டு காலாண்டுகள் விட்டுப்போனது என் பிழை என்று கடைசியில் எழுதி என் பெயரையும் போட்டேன். அவன் பேனாவை எடுத்து என் பெயரை அடித்தான்.

"வங்கிக் கணக்கை வெளியே குடுத்ததே தப்பாக்கும். உன் பேர் இருந்தா எனக்கு இன்னும் மோசம். பின்னே, அடுத்த வாரம் உனக்குக் காலேஜ்ல ரீடர் ப்ரமோஷனுக்கு இன்டர்வியூ இருக்கு. எதுக்கு?"

முதல் காரணம் உண்மைதான். ஆனால் இரண்டாவதைக் கேட்டதும் என் மனசு சட்டென்று லேசானதே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடித்த பெயரை மறுபடி எழுத நான் பேனாவைக் கேட்கவில்லை.

வட்டியை ஏற்றினார்கள். டாலர் வெளியே போவது மெல்ல நின்றது, டாலர் விலையும் மாறாமல் தப்பித்தது. மலிவுக் கடனை நம்பிப் படகுக்கு முன்பணம் கட்டியவர்கள் பலர் பணத்தை இழந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தம்பியின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். மறு மாதம் வந்தபோது பெட்டிகளோடு வந்தான்.

அன்று சாப்பாட்டில் அம்மா விடவில்லை. "நன்னா இருந்த வேலை. என்னடா தப்புப் பண்ணினே?"

"ஒரு கணக்கு பிசகிப் போச்சும்மா. பாதியோட நிறுத்திட்டேன்."

நான் ரீடராகி இருபது நாள் ஆகியிருந்தது. அம்மா அவன் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"இத்தனை படிச்சவ ஆத்துல இருக்கா. அக்காகிட்ட ஒரு தடவை காட்டியிருக்கப்படாதோ?"

அவன் தலையைக் குனிந்து சாதத்தைப் பிசைந்தான். நான் மோருக்குக் கை நீட்டினேன்.