பெட்டிக்கு முளைத்த மீசை

அட்டைப்பெட்டி அச்சகத்தில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். மில்லிமீட்டர் சொல்லாமல் அவளுக்கு வாய் திறக்காது. "தள்ளி உட்காருங்க" என்று சொல்ல மாட்டாள். "ஒரு முந்நூறு மில்லி நகருங்க" என்பாள்.

வீட்டிலும் அதே கூத்துதான். கடையிலிருந்து எது வந்தாலும் முதலில் பெட்டியைப் பிரித்து, ஒட்டிய இடத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி, தட்டையாக விரித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவாள். உள்ளே இருந்த பொருள் அநாதையாக அலமாரியில் கிடக்கும். ஒருநாள் அவள் மாமனார் கண்ணாடி போடாமல் மூட்டுவலிக் களிம்பை எடுத்துப் பல் துலக்கிவிட்டார்.

"என்ன மாமா, எரியுதா?" என்று பதறினாள்.

"பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா. ஈறுல இருந்த வலி போயிடுச்சு" என்றார் அவர். நல்ல மனிதர்.

அச்சகத்தில் நாலு வருஷம் அவள் ஒட்டுப் பிரிவில் இருந்தாள். மடித்த அட்டையில் பசை சரியாகப் பிடித்ததா என்று பார்க்கும் வேலை. கண்ணுக்கு வேலை, மூளைக்கு விடுமுறை. முதலாளியை நச்சரித்து, கணினியில் முப்பரிமாணம் கற்றுக்கொண்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு மேசையை வாங்கிவிட்டாள். பெட்டி அச்சாவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டுவதுதான் இப்போது அவள் வேலை. படம் வரைகிற வேலை இல்லை அது. பெட்டியைக் கணினிக்கு எழுதி விவரிக்க வேண்டும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, எந்தப் பக்கம் எதோடு ஒட்டியிருக்கிறது, எந்தக் கோட்டில் எத்தனை டிகிரி மடிகிறது, அச்சுப் படத்தின் எந்தத் துண்டு எந்த முகத்தில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால், தட்டை அட்டை திரையில் எழுந்து பெட்டியாகும்.

"சோப்புக்குப் பெட்டி கேட்டு வந்திருக்காரே, அந்தச் சோப்புக்காரர் வேலை கைக்கு வந்தா இந்த மேசை இருக்கும். இல்லேன்னா நீ பழையபடி கீழேதான் போகணும். ஒட்டுப் பிரிவுல ஆள் பத்தல" என்று முதலாளி திங்கட்கிழமை சொல்லிவிட்டார்.

சோப்புக்காரர் புதுப் பணக்காரர் இல்லை, புது ஆசைக்காரர். தன் மனைவியின் முகத்தையே பெட்டியின் முன்பக்கத்தில் போட்டிருந்தார். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நெற்றி, அப்புறம் மூக்கு, பளிச்சென்ற சிரிப்பு. மில்லி செய்கிற பெட்டிப் படத்தை, ஊரூராகக் கிளை வைத்த ஒரு பெரிய கடையின் கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பி ஆர்டர் பிடிப்பது அவர் திட்டம்.

மில்லி முதலில் செய்த பெட்டிக்குத் தடிமனே கொடுக்கவில்லை. வெறும் பரப்புகள். முதலாளி பார்த்தார். மூடி இருந்த இடத்தில் கோடு கோடாக மினுமினுத்தது.

"என்னம்மா இது, பெட்டிக்குச் சொறி வந்த மாதிரி?"

"சார், மூடியும் அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் காது மாதிரி மடிஞ்சிருக்கிற மடலும் ஒரே இடத்துல இருக்கு. எது மேல, எது கீழன்னு கணினிக்குத் தெரியல. ரெண்டும் அடிச்சுக்குது."

"அதுங்க அடிச்சுக்கட்டும், நம்ம மானம் போகாம பாரு."

அவள் உட்கார்ந்து எல்லாப் பக்கத்துக்கும் பூஜ்யம் புள்ளி நாலு மில்லி தடிமன் கொடுத்தாள். நிஜ அட்டையின் தடிமன் அதுதான். வெளியே வெள்ளை, உள்ளே சாம்பல். மடிப்பு விளிம்புகளைக் கத்தியால் சீவியதுபோல் விடாமல் லேசாக உருட்டினாள். காது மடல்களின் மடிப்புக் கோட்டை ஒரு அட்டைத் தடிமன் கீழே இறக்கினாள். மூடி அவற்றின்மேல் சமமாகப் படுத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஆசை அடங்கவில்லை. நிஜ அட்டை மடித்த பிறகு கொஞ்சம் திமிறும் அல்லவா? அதனால் மூடியின் நுனியில் உள்ளே செருகுகிற மடலைத் தொண்ணூறு டிகிரிக்குப் பதில் எண்பத்தைந்து என்று எழுதினாள். பெட்டியைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், திருப்தியாகக் கணினியை அணைத்தாள். முன்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சோப்புக்காரர் மனைவியோடு வந்தார். முதலாளி நாற்காலி போட்டார். மில்லி பெட்டியை மெல்லச் சுழற்றினாள். பின்பக்கம், பக்கவாட்டு, அப்புறம் முன்பக்கம்.

பெட்டியில் சிரித்த அம்மணியின் மூக்குக்குக் கீழே, உதட்டுக்கு மேலே, நேர்த்தியான வெள்ளை மீசை.

சோப்புக்காரர் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"யாரு வேலை இது?" என்றார் கரகரத்த குரலில்.

மில்லிக்கு ஒட்டுப் பிரிவின் பசை வாசனை அப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

"அண்ணா, அது மீசை இல்ல. செருகு மடலோட நுனி. நான் சரியா மடிக்காம விட்டதுல முன்சுவரைத் துளைச்சு வெளிய வந்துடுச்சு. நிஜ அட்டைன்னா சுவர் தடுத்திருக்கும். இங்க தடுக்கணும்னு கணினிக்குத் தெரியாது. நான்தான் சொல்லியிருக்கணும்."

"எங்க வீட்டம்மாவுக்கு மீசை வெச்சுட்டு விளக்கம் வேற!"

அதற்குள் ஒரு சத்தம். அம்மணிதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அச்சு அசலா எங்க பெரியண்ணன்!" என்றார். "நீங்க சும்மா இருங்க. இந்தப் பொண்ணு சரி பண்ணட்டும். ஏம்மா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம், அக்கா."

அவள் அலமாரியிலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, அவசரமாக வெட்டி மடித்து, மூடியைச் செருகிப் பார்த்தாள். செருகு மடல் முன்சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது. மூடி பெட்டியின் முழு ஆழத்துக்கு இல்லை, ஒரு அட்டைத் தடிமன் குறைவு. திரையிலும் மூடியை அவ்வளவு குறைத்தாள். மடலைத் தொண்ணூறுக்கு மடித்தாள். மீசை மறைந்தது. மூடி விளிம்பில் மயிரிழை இடைவெளியும், அதில் மெல்லிய நிழலும் விழுந்தன.

அம்மணி திரைக்கருகே குனிந்தார். கையை நீட்டி, திரைக் கண்ணாடியில் அந்த இடைவெளியை நகத்தால் நெம்பினார். நெம்பிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டார்.

"திறந்துக்கும்னு நினைச்சேன்" என்றார்.

சோப்புக்காரர் முகம் இளகியது. படத்தை அங்கிருந்தே கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பினார். பதில் அவர்கள் படி இறங்குவதற்குள் வந்துவிட்டது. அதைப் படித்த சோப்புக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"என்ன சொல்றாரு?" என்று முதலாளி மேலிருந்து கத்தினார்.

"ஃபோட்டோ நல்லா இருக்காம். கையில இருக்கிற பெட்டியில நாளைக்கே ஆயிரம் அனுப்பணுமாம்!"

கையில் ஒன்றுகூட இல்லை. அச்சுத் தகடே இன்னும் தயாராகவில்லை. முதலாளி தொலைபேசியை எடுத்து, "சார், அது ஃபோட்டோ இல்ல சார்" என்று கெஞ்சி, ஒரு வாரம் தவணை வாங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. எப்படியோ ஆர்டர் நின்றது.

மில்லி மேசை ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். "சார், நான் கீழ போகணுமா?"

"கீழயா? இல்லாத பெட்டியவே வாங்க வெச்சுட்டியே, உன்னை எவன் கீழ அனுப்புவான்?" முதலாளி நெற்றியைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை கொஞ்சம் கம்மி நிஜமா செய்யும்மா. என் உடம்பு தாங்காது."