விடை கேட்ட அக்காவுக்கு ஒரு கடிதம்

பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி வகுப்பில் நான் நாலு வருடம் கணக்கு நடத்தினேன். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான் அங்கே வருவார்கள். இருநூறு கேள்விகளில் கணக்கு சம்பந்தப்பட்டவை இருபத்தைந்துதான். ஆனால் அந்த இருபத்தைந்தில்தான் பலர் வழுக்கி விழுவார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒருவர் திருப்பரங்குன்றத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த அக்கா. முப்பத்தாறு வயது. பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மறுபடியும் புத்தகத்தைத் தொட்டு, ஒரு தடவை எழுதித் தேறாதவர். கணவர் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். அக்கா வாரத்தில் மூன்று நாள் காலை ஆறரை மணி வகுப்புக்கு பஸ் பிடித்து வருவார். எட்டேகாலுக்கெல்லாம் கடை திறக்க ஓடிவிடுவார்.

நான் கரும்பலகையில் கணக்கைப் போடும்போது அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கடைசி வரியில் விடை வந்ததும் அதை மட்டும் குறித்துக்கொள்வார். மத்தியானமானால் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: “மிஸ், 14, 17, 22 ஆன்சர மட்டும் அனுப்பி விடுங்க.” நானும் அனுப்புவேன். அதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணக்கை விளக்கப் பத்து நிமிடம் ஆகும். ‘பி, டி, ஏ’ என்று தட்ட அரை நிமிடம்கூட ஆகாது.

அவரிடம் ஒரு பெரிய கட்டு இருந்தது. மதுரையில் எந்தப் பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வு நடந்தாலும் யாராவது ஒரு பையனோ பெண்ணோ அதன் விடைக்குறிப்பை நகல் எடுக்க அந்தக் கடைக்கு வருவார்கள். அக்கா முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். முன்னூறு, நானூறு தாள் இருக்கும். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அதைத்தான் மனப்பாடம் செய்வார்.

ஒரு நாள் வகுப்பில் சிறு தேர்வு வைத்தேன். முந்தின வாரம் போட்ட கணக்கு ஒன்று: ஒருவர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பார், இன்னொருவர் பதினைந்து நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? விடை ஆறு. தேர்வில் எண்களைப் பன்னிரண்டு, இருபத்துநாலு என்று மாற்றியிருந்தேன். அக்கா ஆறு என்று எழுதியிருந்தார்.

“அக்கா, இதுல ஆறு எப்படி வந்துச்சு?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

“போன வாரம் ஆறுதான மிஸ் சொன்னீங்க?”

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டேகால் ஆகும்வரை குனிந்தே உட்கார்ந்திருந்தார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. செய்தி அனுப்பினால், “கடையில வேலை மிஸ்” என்று ஒரு வரி.

பத்து நாள் கழித்து உட்கார்ந்து கடிதம் எழுதினேன். குரல்பதிவு அனுப்பியிருக்கலாம். மெஷின் சத்தத்தில் அதை அவர் பாதி கேட்டு விட்டுவிடுவார் என்று தோன்றியது. மூன்று பக்கம் கையால் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் திருப்பரங்குன்றம் போனேன். முகூர்த்த நாள்; கோயிலில் கல்யாணம் நடத்த அடையாள நகல் கேட்பார்கள். கடையில் ஆதார் கார்டு நகலுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் நீட்டிய தாளை அவர் முகம் பார்க்காமல் வாங்கி, மெஷின் மூடியைத் தூக்கிவிட்டார்.

“எத்தன காப்பி?”

“காப்பி வேணாம்க்கா. உங்களுக்குத்தான்.”

அப்போதுதான் நிமிர்ந்தார். தாளைப் பேப்பர் கட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். நான் கிளம்பிவிட்டேன்.

எழுதியதைக் கொடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து சில பகுதிகள்:

“அக்கா, அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கேட்டது என் தப்பு. முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். அதைவிடப் பெரிய தப்பு, நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் விடையை மட்டும் அனுப்பியது. தேர்வில் அதே கணக்கு அப்படியே வராது. எண் மாறும், இல்லையென்றால் கேட்கிற விதம் மாறும். உங்கள் கட்டில் இருக்கும் விடை எல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதி முடித்த தேர்வின் விடை.

“பன்னிரண்டு நாளில் முடிக்கிற ஆள் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆறு நாள் வரும். இங்கே இரண்டாவது ஆள் மெதுவானவர். அப்படியானால் விடை ஆறைவிடக் கூட இருக்க வேண்டும், பன்னிரண்டைவிடக் குறைய இருக்க வேண்டும். இவ்வளவு யோசித்தாலே ஆறு அடிபட்டுப் போகும். ஒரு நாளில் முதலாமவர் பன்னிரண்டில் ஒரு பங்கு, மற்றவர் இருபத்துநாலில் ஒரு பங்கு. சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு. ஆக, எட்டு நாள்.

“இனிமேல் ஒரு கணக்கை எடுத்தால் பத்து நிமிடம் விடையைப் பார்க்காதீர்கள். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, போட்டுப் பாருங்கள். பிறகு வழியைப் பாருங்கள். பார்த்ததும் மூடிவிட்டு, மறுபடி நீங்களே போடுங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடின பிறகு கையில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

“தப்புக்கு என்று ஒரு நோட்டு போடுங்கள். அதில் சரியான விடையை எழுத வேண்டாம். ஏன் தப்பு வந்தது என்று எழுதுங்கள். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, வழி தெரியவில்லையா, கூட்டல் பிசகியதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வரலாறு, அறிவியலுக்கும் இதே முறைதான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் நிற்பதை எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படியுங்கள். மாதம் ஒரு ஞாயிறு பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுதாக, மூன்று மணி நேரம் வைத்து, விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவது வரை செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் விடைக்குறிப்பு.

“முதல் மாதம் மார்க் ஏறாது. கோபம் வரும். விட்டுவிடாதீர்கள். தினம் காலையில் இரண்டு மணி நேரம் போதும்.”

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

“மிஸ், லெட்டர் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. காலைல ரெண்டு மணி நேரம் எந்த வீட்டுல இருக்கு? நாலரைக்கு அவரு லோடு எறக்கிட்டு வந்துருவாரு. அவருக்குச் சாப்பாடு, பிள்ளைகளக் கெளப்பணும், கடை. எனக்கு இருக்கிறது அம்புட்டுதான் நேரம். அதுனாலதான ஆன்சரக் கேட்டேன்?”

தனியாக இருக்கிறவள் எழுதிய யோசனை அது என்று அப்போதுதான் உறைத்தது.

“அப்ப ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு உங்களால முடியும்க்கா?”

“மூணு. கடையில கூட்டம் இல்லாதப்ப.”

“மூணு போதும். முப்பது விடைய மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா, மூணு கணக்க முழுசாப் போடுங்க.”

“சரி, வாரேன்,” என்று வைத்துவிட்டார்.

அடுத்த வகுப்புக்கு வந்தார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகு, பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா கை அதுலதான் போகும்.” பிறகு போகாமல் நின்றார். “ஒன்னு கேக்கலாமா மிஸ்? நீங்களும் குரூப் டூ எழுதுறீங்கல்ல? ரெண்டு தடவ மெயின்ஸ்ல போயிருச்சுன்னு கீழ கடையில சொன்னாக. லெட்டர்ல எழுதியிருக்கீங்களே, நீங்க இப்படித்தான் படிக்கிறீகளா?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. முதன்மைத் தேர்வு பக்கம் பக்கமாக எழுத வேண்டிய தேர்வு. நான் செய்துகொண்டிருந்தது, தேர்ச்சி பெற்றவர்கள் எழுதிய மாதிரி விடைகளை வாங்கி, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படித்தது. ஒரு கட்டுரையைக்கூட மூடிவைத்து எழுதிப் பார்த்ததில்லை. அவருடைய கட்டுக்கும் என் கட்டுக்கும் வித்தியாசம் நிறம்தான்.

“இல்லக்கா,” என்றேன். “இனிமேதான்.”

“அப்ப நீங்களும் தினம் ஒன்னு எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்க. நான் மூணு கணக்கு அனுப்புறேன். எனக்கு அது புரியாது. எழுதியிருக்கீங்களான்னு மட்டும் பாத்துக்கிறேன்.”

அன்றிலிருந்து தினமும் அவரிடமிருந்து மூன்று கணக்கு, என்னிடமிருந்து ஒரு கட்டுரை. கடையின் பழுதான நகல் தாள்களின் பின்பக்கத்தில்தான் அவர் போடுவார். முதல் இரண்டு வாரம் மூன்றில் இரண்டு தப்பு. தப்பு நோட்டில் முக்கால்வாசி ‘கேள்வியச் சரியாப் படிக்கல’ என்றே இருந்தது. அதைக் கண்டதும் அவருக்கே கோபம். கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு அடியில் கோடு போட்ட பிறகுதான் எண்ணையே தொடுவது என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் வகுப்புக்கு வந்ததும் உட்காராமலே சொன்னார்: “மிஸ், எங்க வீட்டுக்காரரு தனியா ஒரு லோடு எறக்க ஒரு மணி நேரம். லோடுமேன் அண்ணே அரை மணில எறக்கிருவாரு. ரெண்டு பேரும் சேந்தா இருபது நிமிசம்.”

“எப்படிக்கா?”

“ஒரு மணி நேரத்துல இவரு ஒரு லோடு, அவரு ரெண்டு லோடு. மொத்தம் மூணு. அப்ப ஒன்னுக்கு இருபது. இவருகிட்டச் சொன்னேன், ‘இதுக்கா காலைல போய் படிக்கிற, எங்கிட்டக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்ல’ன்னாரு.”

அந்த முறை வகுப்பு சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அந்த வருடத் தேர்வில் அவருக்குக் கிடைக்கவில்லை. கணக்கில் இருபத்தைந்துக்கு இருபது சரி. பொது அறிவு கீழே இழுத்துவிட்டது. பாடப்புத்தகங்களில் பாதியைத்தான் முடிக்க முடிந்திருந்தது. முடிவு வந்த அன்று நான் போன் செய்யத் தயங்கினேன். அவரே செய்தார்.

“எது போச்சுன்னு தெரியுது மிஸ். போன தடவ அதுகூடத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.”

அடுத்த அறிவிப்பு வந்தது, எழுதினார். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அதற்கான எல்லா நகல்களையும் அவரே அந்த மெஷினில் எடுத்துக்கொண்டு போனார். இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கடையில் அவருடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள்.

நான் இன்னும் தேறவில்லை. மூன்றாவது முறை முதன்மைத் தேர்வில் முன்னைவிட மதிப்பெண் நன்றாகவே கூடியிருந்தது. கொஞ்சத்தில் போயிற்று. எதில் போயிற்று என்று எனக்கும் இப்போது தெரியும்: நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்விகளை அரைகுறையாக எழுதினேன். அதனால் இப்போதெல்லாம் கடிகாரத்தை எதிரே வைத்துத்தான் எழுதுகிறேன். அக்கா அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் படம் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்துவிடும். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சலில் அனுப்பவில்லை. “என்ன மிஸ், நேத்தும் காணோம், முந்தாநேத்தும் காணோம்?” என்று கேட்டிருந்தார். அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து ஒன்று எழுதினேன்.